20 ரூபாய் நெத்திலி பாக்கெட்: அடக்கமே 17 வருகிறது, எங்கே குறைப்பது?

மண்டபம் கடலோரம் · 3 பிப்ரவரி, இரவு 9.40

நாங்கள் 12 பெண்கள் சேர்ந்த குழு. நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, மண் இல்லாமல், சின்ன பாக்கெட்டில் போட்டுப் பெட்டிக்கடைகளுக்குக் கொடுக்கப் பார்க்கிறோம். ஒரு பாக்கெட் 25 கிராம், விலை 20 ரூபாய். கணக்கு இப்படி வருகிறது.

பச்சை நெத்திலி சீசனில் சராசரியாகக் கிலோ 70 ரூபாய். 4 கிலோ காய்ந்தால் 1 கிலோ கருவாடு, ஆக 280. தலை கிள்ளினால் அந்த ஒரு கிலோ 700 கிராமாக இறங்கிவிடுகிறது, அதனால் கிலோ 400. 25 கிராமுக்கு 10 ரூபாய். கிள்ளும் கூலி 2.34. ஜிப் வைத்த நிற்கும் கவர் 3.50. அட்டைப்பெட்டியும் வண்டியும் 80 காசு. எடை போட்டு ஒட்டும் கூலி 50 காசு. மொத்தம் 17.14.

கடைக்காரர் 16 ரூபாய்க்குக் கேட்கிறார். மீனைக் குறைக்கலாமா, கூலியைக் குறைக்கலாமா? ராத்திரி தூக்கம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை கடை · 3 பிப்ரவரி, இரவு 10.15

இதில் யோசிக்க என்னம்மா இருக்கிறது. அடக்கம் 17, மேலே 30 சதவீதம் போடு, 22 வந்துவிட்டது. 25 என்று அடித்துக் கொடு. எல்லாரும் அப்படித்தான் விலை போடுகிறார்கள். நல்ல சரக்கு என்றால் வாங்குவான்.

மண்டபம் கடலோரம் · 4 பிப்ரவரி

பாய், 25 போட்டுப் பார்த்தாகிவிட்டது. போன மாதம் ஒரு கடையில் 40 பாக்கெட் வைத்தோம். எடுத்துப் பார்க்கிறார்கள், திருப்பிப் பார்க்கிறார்கள், வைத்துவிட்டுப் போகிறார்கள். அதே கடையில் "இருபது ரூபாய்க்கு நெத்திலி குடுங்க" என்று கேட்டு உதிரியாக வாங்குகிறார்கள். யாருமே கிராம் சொல்லிக் கேட்கவில்லை, காசு சொல்லித்தான் கேட்கிறார்கள். அதனால் 20ஐத் தாண்ட முடியாது.

தேவகோட்டை கணக்கு · 4 பிப்ரவரி, இரவு 8.05

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வாங்குகிறவர் காசு சொல்லிக் கேட்கிறார் என்றால் விலை நம் கையில் இல்லை, அது முடிந்துபோன விஷயம். நான் 31 வருஷம் நூற்பாலையில் அடக்கக் கணக்கு எழுதியவன். இந்தக் கணக்கைக் கீழிருந்து மேலே கூட்டக்கூடாது. மேலிருந்து கழித்துக்கொண்டு வர வேண்டும்.

20 ரூபாயில் ஆரம்பியுங்கள். கடைக்காரருக்கு 4 போனால் 16. பெட்டிக்கடைக்கெல்லாம் நீங்களே போக முடியாது, லைன் வண்டிக்காரர் 2 ரூபாய் கேட்பார். 14. நமத்தது, கவர் கிழிந்தது, திரும்பி வந்தது என்று 70 காசு. 13.30. இப்போது குழுவின் லாபம் 2 ரூபாயை எடுத்துத் தனியாக வையுங்கள். மிச்சம் 11.30. இதற்குள் மீன், கவர், கூலி, வண்டி எல்லாம் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் அந்தப் பாக்கெட்டைப் போடக்கூடாது.

உங்களிடம் இருப்பது 17.14. இடைவெளி 5.84. கடைக்காரரிடம் பேரம் பேசியோ, வேகமாக வேலை செய்தோ இவ்வளவு பெரிய பள்ளம் மூடாது. பாக்கெட்டையே வேறு மாதிரி யோசித்தால்தான் மூடும்.

இன்னொன்று. மண் படாமல் மீன் காய வைக்கப் பரண் கட்டிய செலவு உங்கள் கணக்கில் எங்கே?

மண்டபம் கடலோரம் · 4 பிப்ரவரி, இரவு 9.30

விட்டுவிட்டேன் சார். சவுக்குக் கம்பும் நைலான் வலையும் சேர்த்து 18,000 ஆனது. இரண்டு வருஷம் தாங்கும் என்கிறார்கள். மாதம் 6,000 பாக்கெட் போட நினைக்கிறோம். அப்படியானால் மாதம் 750, பாக்கெட்டுக்கு 13 காசு. இடைவெளி 5.97 ஆகிவிட்டது.

லாபத்தைக் கடைசியில் மிஞ்சினால் எடுத்துக்கொள்ளலாமே? ஆரம்பத்தில் லாபம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று குழுவில் சொல்கிறார்கள்.

தேவகோட்டை கணக்கு · 5 பிப்ரவரி

கூடாது. கடைசியில் மிஞ்சுவதுதான் லாபம் என்று வைத்தால், மீன் 5 ரூபாய் ஏறினால் லாபத்தில் போகும், கவர் ஏறினால் லாபத்தில் போகும், யாருக்கும் உறைக்காது. முதலிலேயே எடுத்துவிட்டால்தான் ஒவ்வொரு பத்துக் காசையும் "நீ எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். டொயோட்டாவில் 1960களில் இந்த முறையைக் கொண்டுவந்தபோதும் வண்டியைத் தயாரிக்கத் தொடங்குமுன், காகிதத்தில் இருக்கும்போதே கழித்துப் பார்த்தார்கள். உருவம் முடிவான பிறகு குறைக்கக் கிடைப்பது கொஞ்சம்தான்.

தொண்டி மாணவன் · 5 பிப்ரவரி

சார், இது ஆபத்தான வழி இல்லையா? டாடா நானோ இப்படித்தான் வந்தது. 1 லட்சம் என்று விலையை முதலில் சொன்னார்கள், 2008இல் காட்டினார்கள், ஒரே ஒரு வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு என்று குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் 2018இல் தயாரிப்பே நின்றுவிட்டது. விலையிலிருந்து பின்னோக்கி வந்தால் பொருள் மட்டமாகிவிடும் என்பதற்கு அதுதான் உதாரணம் என்று வகுப்பில் சொன்னார்கள்.

தேவகோட்டை கணக்கு · 5 பிப்ரவரி, இரவு

தம்பி, பாதி சரி. ஒரு வைப்பர் போதும் என்பதால் யாரும் நானோவை ஒதுக்கவில்லை. 'மலிவான கார்' என்று பேர் விழுந்ததுதான் அடி என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். கார் வாங்குகிற குடும்பம் தெருவில் மதிப்பையும் சேர்த்து வாங்குகிறது. அந்த மதிப்பு கணக்குத் தாளில் வரவே இல்லை. கழிக்கும் முறையில் தப்பு இல்லை. வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்ற பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனது.

தங்கச்சிக்கும் இதுதான் வேலை. உங்கள் பாக்கெட்டில் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று கடையில் நின்று பாருங்கள். குழுவில் உட்கார்ந்து ஊகிக்காதீர்கள்.

சாயல்குடி பனை · 6 பிப்ரவரி

என் கதையைச் சொல்கிறேன், உதவுமா பாருங்கள். 10 ரூபாய்க் கருப்பட்டி போட வேண்டும் என்று இறங்கினேன். கழித்துப் பார்த்தால் லிட்டருக்கு 2 ரூபாய் இடித்தது. பனையேறிகளிடம் பதனீரில் அந்த 2 ரூபாயைக் குறைத்தேன். சரி என்றுதான் சொன்னார்கள். சித்திரையில் பதனீர் நிறைய இறங்கும் நேரம், ஒருவரும் என் அடுப்புக்கு வரவில்லை. எல்லாம் வேறு அடுப்புக்குப் போய்விட்டது. அவர்கள் மேல் தப்பே இல்லை. உயிரைக் கையில் பிடித்து மரம் ஏறுகிறவர் வயிற்றில் கை வைத்தது நான்.

அப்புறம்தான் வேறு இடத்தில் பார்த்தேன். சிரட்டையில் ஊற்றிய பெரிய கட்டியை உடைத்து 10 ரூபாய்க்கு எடை போடும்போது தூளாக உதிர்கிறது. அந்தத் தூள் யாருக்கும் ஆகாது. சின்ன அச்சு செய்து நேராக அதில் ஊற்றினேன். உடைப்பதே இல்லை, தூளும் இல்லை. நான் தேடிய 2 ரூபாய் என் பட்டறைத் தரையில்தான் கிடந்திருக்கிறது. பதனீர் விலையைப் பழையபடி ஆக்கினேன்.

மண்டபம் கடலோரம் · 11 பிப்ரவரி

சார் சொன்னபடி நாலு கடையில் ஆளுக்கு ஒரு சாயங்காலம் நின்றோம். உச்சிப்புளியில் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

நாங்கள் கொடுத்த நிற்கும் கவர் எந்தக் கடையிலும் நிற்கவில்லை. கடைக்காரர் மேல் ஓரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அடியில் விரிகிற அந்த மடிப்புக்குத்தான் நாங்கள் கூடுதல் காசு கொடுத்தோம். அது மடங்கியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஜிப்பை ஒரு அக்காவிடம் காட்டி, "மூடி வைத்துக்கொள்ளலாம்" என்றேன். "25 கிராமை மூடி வைத்து யாருக்கு? ஒரு குழம்புக்கே பத்தாது" என்றார். அதோடு ஜிப் முடிந்தது.

ஆனால் ஒரு விஷயம். எல்லாரும் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் பார்க்கிறார்கள். மண் இருக்கிறதா என்று. ஒருவர் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டார். உதிரியாக வாங்கினால் 20 ரூபாய்க்கு 40 கிராமுக்கு மேல் கிடைக்கும், ஆனால் மூன்று தண்ணீர் கழுவினாலும் பல்லில் நறநறக்கும் என்றார்கள். ஆக, பரணுக்கும் உள்ளே தெரிகிற கவருக்கும் காசு கொடுக்கிறார்கள்.

பாம்பன் கருவாடு · 12 பிப்ரவரி

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கருவாட்டு வியாபாரம். அந்தக் கவரை விடு தங்கச்சி. மூன்று பக்கம் ஒட்டிய தட்டைக் கவர் போதும், மேலே ஓட்டையோடு சரமாகவே வரும். ஆனால் வெறும் பாலிதீன் வேண்டாம். பாலியஸ்டர் ஒட்டியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கடல் காற்றில் பத்து நாளில் நமத்துவிடும். பேர் அச்சடித்த கவருக்குப் போகாதே, அச்சடிக்கும் சிலிண்டருக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், ஒரே தடவையில் மலைபோல எடுக்கச் சொல்வார்கள். வெறும் கவர் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டு. எடை, விலை, பொட்டலம் கட்டிய மாதம், முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் வர வேண்டும். ஸ்டிக்கரோடு 1.10க்கு முடியும்.

நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்க ஒரு மீனை எடுத்து வளை. ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில் வேண்டும். அவசரப்பட்டுக் கட்டினால் மறுநாள் காலையில் கவருக்கு உள்ளே பனி பூத்திருக்கும். அதை அப்படியே கடைக்கு அனுப்பினால் பூஞ்சணம்தான். எடை நிற்கட்டும் என்று ஈரத்தோடு கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது மாதம் அந்தச் சரக்குக்குக் கடையில் கயிறே இருக்காது.

மண்டபம் கடலோரம் · 14 பிப்ரவரி

கவரில் 2.40 இறங்கியது. 17.27இலிருந்து 14.87. இன்னும் 3.57 வேண்டும். மிச்சம் இருப்பது மீனும் தலை கிள்ளும் கூலியும்தான்.

நாள் கூலி 300 போட்டிருக்கிறேன், எட்டு மணி நேரம். கிள்ளி முடித்த ஒரு கிலோவுக்கு ஒருவருக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. வீட்டு வேலை முடித்துவிட்டுச் சும்மா உட்காரும் நேரத்தில் கிள்ளிவிடலாம், கூலியே வேண்டாம் என்று மூன்று பேர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் 2.34 குறையுமே?

தேவகோட்டை கணக்கு · 14 பிப்ரவரி

குறையாது. தாளில் மட்டும் மறையும். பாக்கெட்டை வீட்டுப் பெண்கள் தங்கள் காசில் மலிவாக்கித் தருகிறார்கள் என்று அர்த்தம். 6,000 பாக்கெட்டுக்கு 150 கிலோ, 375 மணி நேரம். அது 'சும்மா நேரம்' இல்லை. அவர்களில் ஒருவர் வேறு வேலைக்குப் போனதும் கணக்கு உடையும். சாயல்குடிக்காரர் பனையேறியிடம் செய்ததைத்தான் நீங்கள் உங்களுக்கே செய்யப் பார்க்கிறீர்கள்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள். தலை கிள்ளுவதற்கு வாங்குகிறவர் காசு கொடுக்கிறாரா?

பாம்பன் கருவாடு · 15 பிப்ரவரி

இங்கே சாருடன் ஒத்துப்போகிறேன். எங்கள் பக்கம் வீடுகளில் தலையைக் கிள்ளிக்கொண்டே டிவி பார்ப்பார்கள். நெத்திலித் தலைக்குத் தனியாகக் காசு யாரும் தரமாட்டார்கள்.

மண்டபம் கடலோரம் · 15 பிப்ரவரி

அண்ணே, தலை கிள்ளியது என்பதுதான் எங்கள் பாக்கெட்டின் பெருமையே. அதை விட்டால் உதிரிக் கருவாட்டைக் கவரில் போட்டதாகத்தானே ஆகும்?

தேவகோட்டை கணக்கு · 16 பிப்ரவரி, காலை

வாதம் வேண்டாம், அடக்கத்தை நிறுத்திவிட்டு எடையை ஓட விடுங்கள். 11.30இல் கவர், வண்டி, ஒட்டும் கூலி, பரண் சேர்த்து 2.53 போக 8.77 மிச்சம். தலையோடு என்றால் கிராமுக்கு 28 காசு, 31 கிராம் போடலாம். கிள்ளியது என்றால் கூலியோடு கிராமுக்கு 49 காசுக்கு மேல், 17 கிராம்தான் வரும்.

31 கிராமை வீட்டில் கிள்ளினால் 21 கிராமுக்கு மேல் நிற்கும். அதாவது கிள்ளித் தருவதற்காக வாங்குகிறவர் நாலு கிராமுக்கு மேல் மீனை விட்டுக்கொடுக்கிறார். கேட்க வேண்டியது இதை மட்டும்தான்: விட்டுக்கொடுப்பாரா? இரண்டையும் 20 ரூபாய்க்கு ஒரே கயிற்றில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

கீழக்கரை கடை · 16 பிப்ரவரி

நான் அன்றைக்குக் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். எப்படி விலை வைப்பது என்று கேட்கிறாய் என நினைத்துவிட்டேன். இரண்டு மாதிரியையும் ஐம்பது ஐம்பது என் கடைக்கு அனுப்பு, நான் தொங்கவிடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நாங்கள் "இருபது சதவீதம்" என்று சொன்னால் எதன் மேல் என்று கேள். 20 ரூபாய் மேல் என்றால் எனக்கு 16க்குத் தர வேண்டும். வாங்கின விலை மேல் 20 சதவீதம் என்றால் 16.67க்குத் தரலாம். இந்த 67 காசு யாருடையது என்பதில் லைன்காரர்களோடு நிறைய சண்டை பார்த்திருக்கிறேன். சதவீதமே பேசாதே, ரூபாயில் பேசு.

மண்டபம் கடலோரம் · 12 மார்ச்

மூன்று வாரம் ஆயிற்று. தலையோடு 30 கிராமும், கிள்ளியது 17 கிராமும் வைத்தோம். அடக்கம் முறையே 10.93, 10.93 பக்கத்தில்தான் நின்றது.

உச்சிப்புளியிலும் கீழக்கரையிலும், குடும்பங்கள் வாங்கும் கடைகளில், தலையோடு இருப்பது முதலில் தீர்ந்தது. 17 கிராம் கவர் தட்டையாகத் தெரிகிறது, "உள்ளே காற்றுதானா" என்று கேட்டார்களாம். ஆனால் ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பையன்கள் வரும் கடையில், கிள்ளியதுதான் முழுக்கப் போயிற்று. தலையோடு இருந்தது அப்படியே தொங்குகிறது. பாம்பன் அண்ணன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. எந்தக் கடை என்பதைப் பொறுத்து.

ஒரு கசிவும் பிடிபட்டது. 10 பாக்கெட்டைப் பிரித்து எடை போட்டேன், சராசரி 32 கிராம். எங்கள் தராசு ஒரு கிராம் படியில்தான் காட்டும். முள் ஓரத்தில் நின்றால் "பாவம், ஒன்று சேர்த்துப் போடு" என்று ஒரு மீனைப் போடுகிறோம். ஒரு நெத்திலி ஏறக்குறைய ஒரு கிராம், 28 காசு. 30 கிராம் பாக்கெட்டில் எங்களுக்கு இடம் இருந்ததே 37 காசு. இரண்டு மீன் கூடுதலாகப் போனால் 56 காசு, அந்த இடமும் போய், லாபத்திலிருந்து 19 காசும் போகிறது. குறைத்தும் போடக்கூடாது, எடை குறைந்தால் குற்றம். அரைக் கிராம் கூடுதலாக வைப்பது என்று முடிவு செய்து, பத்தில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கிவிட்டோம்.

தொண்டி மாணவன் · 13 மார்ச்

அக்கா, ஜிஎஸ்டி எங்கேயும் வரவில்லையே? கவரில் அடைத்து லேபிள் ஒட்டிய கருவாட்டுக்கு 5 சதவீதம் உண்டே.

தேவகோட்டை கணக்கு · 13 மார்ச்

நல்ல கேள்வி தம்பி. பாக்கெட் 14 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 72,000 என்றால் 10 லட்சம் சொச்சம். பொருள் விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு 40 லட்சம். இப்போது வராது. வளர்ந்து பதிவு செய்தால் அந்த 14க்குள்ளிருந்தே 67 காசு போகும், 20ஐ ஏற்ற முடியாது. அன்றைக்கு 11.30 இல்லை, 10.63 என்று வைத்துக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

பாம்பன் கருவாடு · 20 மார்ச்

எல்லாரும் 70 ரூபாய் மீனையே பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு கொண்டுவருவதுதான். போன வருஷம் நான் பச்சை நெத்திலியை 120க்கு எடுத்தேன். அதில் 30 கிராம் போட்டுப் பார் தங்கச்சி.

மண்டபம் கடலோரம் · 20 மார்ச், இரவு

போட்டுப் பார்த்தேன் அண்ணே. 120 என்றால் கருவாடு கிலோ 480. 30 கிராம் 14.40. மற்றது 2.53. மொத்தம் 16.93. கைக்கு வருவதே 13.30. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 3.63 கையை விட்டுப் போகும். இதை நான் யோசிக்கவே இல்லை.

தேவகோட்டை கணக்கு · 21 மார்ச்

நானும் கேட்டிருக்க வேண்டும், பஞ்சு விலையோடு மல்லுக்கட்டியவன் நான். 'சீசன் சராசரி' என்று நீங்கள் எழுதியதை வருஷ சராசரி என்று படித்துவிட்டேன். என் தவறு.

வழி இரண்டுதான். தடைக் காலத்தில் பாக்கெட்டை நிறுத்துவது, அல்லது மார்ச்சிலேயே காய வைத்துச் சேர்ப்பது. இரண்டு மாதத்துக்கு 30 கிராம் வீதம் 360 கிலோ, 1,00,800 ரூபாய். வருஷத்துக்கு 12 சதவீத வட்டி என்றாலும் மூன்று மாதத்துக்கு 3,024. வருஷத்துப் பாக்கெட்டுகளில் பரப்பினால் தலைக்கு 4 காசு சொச்சம்தான். வட்டி கடிக்காது. ஒரு லட்சத்தை ஒரே நேரத்தில் புரட்டுவதுதான் கஷ்டம்.

பாம்பன் கருவாடு · 21 மார்ச்

சேர்க்கும்போது வண்டு விழும், ஜாக்கிரதை. தரையில் மூட்டையாக அடுக்காதே. கட்டை போட்டு அதன் மேல் அடுக்கு, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வெயில் காட்டு. மூட்டைக்குக் கீழே பொடி கொட்டியிருந்தால் வண்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

மண்டபம் கடலோரம் · 22 ஜூன்

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. குழுச் சேமிப்பையும் ஒரு சின்னக் கடனையும் சேர்த்து 210 கிலோதான் எடுக்க முடிந்தது. மே கடைசி வரை வந்தது, ஜூனில் இரண்டு வாரம் பாக்கெட் போடவில்லை. 120க்கு வாங்கி ஓட்டலாம் என்று குழுவில் பேச்சு வந்தது, லைன்காரரும் கயிறு காலியாக இருந்தால் வேறு யாராவது கட்டிவிடுவார்கள் என்று பயமுறுத்தினார். 3.63ஐத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். நிறுத்திவிட்டோம். அவர் சொன்னபடி மூன்று கடையில் இடம் போயிற்று, அதை மறைக்கவில்லை.

ஒரு மூட்டையில் வண்டு விழுந்தது, 9 கிலோ போயிற்று. 70 காசு கழிவில் இதையும் சேர்க்க வேண்டுமா, தனி வரியா சார்?

கிள்ளியதும் தலையோடும் இரண்டையும் ஓட்டுவதா என்பதில் குழு இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. இரண்டு ஸ்டிக்கர், இரண்டு சரம், எது தீர்ந்தது என்று லைன்காரருக்குக் குழப்பம். பையன்கள் வாங்கும் கடை எங்கள் லைனில் நாலுதான் இருக்கிறது. ஆனால் கிள்ளுகிற வேலையால் ஐந்து பெண்களுக்கு மாதம் கூலி வருகிறது. அதை விட எனக்கு மனம் வரவில்லை.

தேவகோட்டை கணக்கு · 22 ஜூன், இரவு

வண்டு தனி வரி. கழிவு கடையில் நடப்பது, இது உங்கள் கொட்டகையில் நடப்பது, கலந்தால் எங்கே திருத்துவது என்று தெரியாது. 9 கிலோ 2,520 ரூபாய், அந்தச் சரக்கில் போட்ட 6,700 பாக்கெட்டில் பரப்பினால் 38 காசு. உங்களிடம் இருந்த 37 காசு இடமும் போய்விட்டது. அடுத்த மார்ச்சுக்குள் கட்டை அடுக்கு போட்டாக வேண்டும். அதற்கு என்ன செலவாகும் என்று எழுதுங்கள், பார்ப்போம்.